பட்டியல்களும் தலைப்புகளும் சீராக அமைய: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியிருப்போர் நலச் சங்கங்களின் துணைவிதிகள், ஆண்டறிக்கைகள், கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள் ஆகியவற்றைத் திருத்திக் கொடுக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். செயலாளர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. திரும்பத் திரும்பக் கேட்டவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

“பட்டியல் சீரா இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டீங்க. எழுத்துப்பிழையும் இல்லை, இலக்கணப் பிழையும் இல்லை. அப்புறம் என்ன சீர்?”

ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் பாருங்கள். தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வரும். அதனால் வரிகள் ஒன்றுபோல் அமைந்திருக்கின்றனவா என்பது அந்த முடிவுகளில்தான் தெரியும். ஒரு வரி ‘அனுப்புதல்’ என்று முடிகிறது, அடுத்தது ‘பராமரிக்க வேண்டும்’ என்று முடிகிறது, மூன்றாவது ‘உறுப்பினர் பதிவேடு’ என்று நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாக எடுத்தால் மூன்றிலும் பிழை இல்லை. ஆனால் அடுத்தடுத்து வைக்கும்போது, இது கடமையா, வழக்கமா, வெறும் பொருளின் பெயரா என்று படிப்பவர் ஒவ்வொரு வரிக்கும் புதிதாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்தில் இதைச் சொல்லித் தரும்போது வரியின் முதல் சொல்லைப் பார்க்கச் சொல்வார்கள். அங்கே வினை முன்னால் வருவதால் அது சரி. அந்த அறிவுரையை அப்படியே தமிழுக்கு எடுத்துக்கொண்டு, எல்லா வரிகளையும் ‘செயலாளர்’ என்று தொடங்கிவிட்டு, முடிவுகளை ஐந்து விதமாக விட்ட வரைவுகள் என் மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன.

“ஒரு பட்டியலை எடுத்து, படிப்படியா சரிபண்ணிக் காட்ட முடியுமா?”

ஒரு சங்கத்தின் துணைவிதி வரைவில் செயலாளரின் பணிகள் இப்படி இருந்தன:

செயலாளர்:
- கூட்ட அறிவிப்பை உறுப்பினர்களுக்கு அனுப்புதல்
- நடவடிக்கைக் குறிப்பேட்டைப் பராமரிக்க வேண்டும்
- உறுப்பினர் பதிவேடு
- வங்கிக் கணக்கைப் பொருளாளருடன் சேர்ந்து இயக்குவார்
- புகார்கள் பெறப்பட்டு ஏழு நாட்களுக்குள் பதில் அளிக்கப்படும்

எல்லாவற்றையும் ‘-தல்’ என்று முடிக்க முடிவு செய்தோம். முதல் இரண்டு வரிகளும் உடனே அடங்கிவிட்டன: ‘அனுப்புதல்’, ‘பராமரித்தல்’. மூன்றாவதில் நின்றுவிட்டோம். பதிவேட்டை என்ன செய்வது? வைத்திருப்பதா, புதுப்பிப்பதா, கேட்பவர்களுக்குக் காட்டுவதா? வரைவை எழுதியவருக்கே பதில் தெரியவில்லை. வெறும் பெயராக நின்றதால் அந்த ஓட்டை அதுவரை கண்ணில் படவில்லை. நிர்வாகக் குழுவைக் கேட்டபோது, வீடு கைமாறினால் பெயரை யார் மாற்றுவது என்பதில் ஏற்கெனவே குழப்பம் இருந்தது தெரிந்தது.

ஐந்தாவது வரியில் வேறு சிக்கல். ‘அளிக்கப்படும்’ என்றால் யார் அளிப்பது? செயலாளரின் பட்டியலில் இருப்பதால் அவர்தான் என்று நாம் ஊகிக்கிறோம். ‘அளித்தல்’ என்று மாற்றினால், தொடக்க வரியில் உள்ள செயலாளரே அதைச் செய்ய வேண்டியவர் ஆகிவிடுகிறார். நான்காவது வரிதான் எல்லாவற்றையும்விட முக்கியம். கணக்கை இயக்குவது அவருடைய கடமையா, அவருக்குக் கொடுக்கப்பட்ட அதிகாரமா? ‘இயக்குவார்’ என்ற சொல் இரண்டுக்கும் இடம் கொடுத்துக்கொண்டிருந்தது. அது அதிகாரம்தான் என்று குழு சொன்னதால், அந்த வரியை ‘அதிகாரங்கள்’ என்ற தனிப் பிரிவுக்கு மாற்றினோம். கடைசியில் நின்றது இது:

செயலாளரின் கடமைகள்:
- கூட்ட அறிவிப்பை உறுப்பினர்களுக்கு அனுப்புதல்
- நடவடிக்கைக் குறிப்பேட்டைப் பராமரித்தல்
- வீடு கைமாறும்போது உறுப்பினர் பதிவேட்டில் பெயரை மாற்றுதல்
- புகார் வந்த ஏழு நாட்களுக்குள் எழுத்தில் பதில் அளித்தல்

ஐந்து வரி நான்காயிற்று. முடிவுகளைச் சீராக்க உட்கார்ந்தோம். ஆனால் எழுந்தபோது, யார் என்ன செய்வது என்று முடிவாகாமல் கிடந்த மூன்று விஷயங்கள் முடிவாகியிருந்தன. நான் வரிமுடிவுகளில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

“‘-தல்’ போடறதா, ‘-வது’ போடறதா, ‘வேண்டும்’ போடறதா? எது முறையானது?”

எல்லாமே முறையானவைதான். அந்தப் பட்டியல் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பணிகள், நோக்கங்கள், கூட்ட நிகழ்ச்சிநிரல் ஆகியவற்றுக்கு ‘-தல்’ நன்றாகப் பொருந்தும். கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய விதிக்கு ‘வேண்டும்’, ‘கூடாது’. படிவம் நிரப்புபவரிடம் நேரடியாகப் பேசும்போது ‘இணைக்கவும்’, ‘கையொப்பமிடவும்’. நடந்து முடிந்ததைச் சொல்லும் ஆண்டறிக்கைக்கு இறந்தகால வினை. ‘-வது’ பேச்சுக்கு நெருக்கமானது. உறுப்பினர்களுக்கு அனுப்பும் சுற்றறிக்கையில் இயல்பாக இருக்கும், துணைவிதியில் கொஞ்சம் தளர்வாகத் தெரியும்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ‘பராமரித்தல்’, ‘பராமரிப்பு’ இரண்டும் தொழிற்பெயர்தானே என்று கலந்து எழுதுகிறார்கள். ‘பராமரித்தல்’ என்பதில் வினையின் குணம் மிச்சம் இருக்கிறது. அதனால் ‘கட்டடத்தைப் பராமரித்தல்’ என்று ‘ஐ’ உருபை ஏற்கும். ‘பராமரிப்பு’ முழுப் பெயராகிவிட்டது. ‘கட்டடப் பராமரிப்பு’ என்றுதான் வரும். ஒரே பட்டியலில் ‘கட்டடத்தைப் பராமரித்தல்’, ‘தோட்டப் பராமரிப்பு’ என்று அடுத்தடுத்து வந்தால், இரண்டும் தொழிற்பெயராக இருந்தும் காதுக்கு இடறும். ‘-தல்’ எடுத்தால் எல்லாம் ‘-தல்’, ‘-ப்பு’ எடுத்தால் அதுபோன்ற முழுப் பெயர்களாகவே எல்லாம். ‘அறிவிப்பு’, ‘சேர்க்கை’, ‘வசூல்’ போன்றவை ‘பராமரிப்பு’ பக்கம் சேரும். விகுதி வேறாக இருந்தாலும் அவை நடந்துகொள்ளும் விதம் ஒன்றுதான்.

“ஆங்கிலப் படிவத்துல இருக்கற மாதிரி ‘விண்ணப்பதாரர் கட்டாயம்:’னு மேலே போட்டுட்டு, கீழே ஒவ்வொண்ணா எழுதலாமா?”

அப்படி எழுதினால் மேல்வரி அந்தரத்தில் தொங்கும். ஆங்கிலத்தில் ‘வேண்டும்’ என்பதற்கான சொல் முன்னாலேயே வந்துவிடுவதால், அதை மேல்வரியில் வைத்துவிட்டு மிச்சத்தைக் கீழே பிரித்துப் போட முடிகிறது. நம் மொழியில் ‘வேண்டும்’ கடைசியில் வரும். மேல்வரிக்கு அது கிடைக்காது. எல்லா வரிகளுக்கும் பொதுவாகப் பட்டியலின் அடியில் ஒருமுறை ‘வேண்டும்’ என்று போடுபவர்களும் உண்டு. எட்டு வரிகளைத் தாண்டிப் போய்த்தான் இதெல்லாம் கட்டாயம் என்று தெரிந்தால், அதற்குள் படிப்பவர் வழி தவறியிருப்பார்.

இதற்கு இரண்டு வழிகள் சரியாக வருகின்றன. ஒன்று, மேல்வரியைப் பெயராகவே முடித்துவிடுவது: ‘விண்ணப்பதாரர் செய்ய வேண்டியவை:’. கட்டாயம் என்பது அதிலேயே வந்துவிட்டதால், கீழே ‘-தல்’ போதும். மற்றொன்று, மேல்வரியை ஒரு முழு வாக்கியமாக்கி, கீழே ஒவ்வொரு வரியையும் ‘வேண்டும்’ என்று முடிக்கும் முழு வாக்கியமாக எழுதுவது. வரிகள் நீளமாக, நிபந்தனைகளோடு இருந்தால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். எதை எடுத்தாலும், மேல்வரியையும் ஏதாவது ஒரு கீழ்வரியையும் மட்டும் சேர்த்து உரக்கப் படித்துப் பாருங்கள். பொருள் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு வரியோடும் ஒட்ட வேண்டும்.

“ஆவணங்களைப் பட்டியல் போடும்போது ‘நகலை’, ‘ரசீதை’ன்னு உருபு ஒவ்வொரு வரியிலும் வரணுமா?”

‘பின்வருவனவற்றை இணைக்கவும்’ என்று மேல்வரி இருந்தால், ‘ஐ’ உருபு மேலேயே வந்துவிட்டது. கீழே மீண்டும் வேண்டாம். சிலர் முதல் வரியில் மட்டும் ‘ஆதார் நகலை’ என்று எழுதிவிட்டு, அடுத்ததில் ‘சொத்து வரி ரசீது’ என்று விட்டுவிடுகிறார்கள். அதுதான் கண்ணை உறுத்தும். ‘இணைக்க வேண்டிய ஆவணங்கள்:’ என்று மேலே எழுதிவிட்டால் உருபுக் கேள்வியே எழாது. கீழே வெறும் பெயர்கள் போதும்: ஆதார் அட்டை நகல், விற்பனைப் பத்திர நகல், சொத்து வரி ரசீது நகல்.

ஆவணப் பட்டியலில் உருபைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வெறும் புள்ளிகள் ‘எல்லாம் வேண்டும்’ என்பதையும் சொல்லாது, ‘ஏதாவது ஒன்று போதும்’ என்பதையும் சொல்லாது. முகவரிச் சான்றுக்கு மூன்று ஆவணங்களைப் போட்டிருந்த ஒரு படிவத்தைப் பார்த்துவிட்டு, வாடகைக்கு இருந்த ஒருவர் மூன்றையும் தேடி அலைந்தார். ஒன்று போதும் என்பது எழுதியவரின் மனதில் மட்டும் இருந்தது. ‘கீழ்க்கண்ட அனைத்தும்’ அல்லது ‘கீழ்க்கண்டவற்றுள் ஏதேனும் ஒன்று’ என்று மேல்வரியிலேயே சொல்லிவிடுங்கள். கடைசி வரிக்கு முன்னால் மட்டும் ‘மற்றும்’ என்றோ ‘அல்லது’ என்றோ ஒட்டவைக்க வேண்டாம். அது அந்த ஒரு வரியின் வடிவத்தைக் கெடுக்கும். தவிர, கடைசியில் வரும் அந்தச் சொல்லை யாரும் கவனிப்பதும் இல்லை.

“தலைப்புகளுக்கும் இதே விதிதானா?”

வரிமுடிவைப் பொறுத்தவரை ஆமாம். ஆனால் தலைப்புகளில் இன்னொரு சமநிலையும் வேண்டும்: பொருளின் அளவு. ஓர் ஆண்டறிக்கையின் தலைப்புகள் இப்படி இருந்தன: ‘உறுப்பினர் சேர்க்கை’, ‘நிதி நிலை எப்படி இருக்கிறது?’, ‘தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்தோம்’, ‘பாதுகாப்பு’, ‘அடுத்து என்ன?’. ஒன்று பெயர், ஒன்று முழுக் கேள்வி, ஒன்று வாக்கியம், மறுபடி பெயர், கடைசியில் அரைக் கேள்வி. எல்லாவற்றையும் பெயராக்கினோம்: ‘உறுப்பினர் சேர்க்கை’, ‘வரவு செலவு’, ‘தண்ணீர்த் தொட்டிப் பராமரிப்பு’, ‘காவல் ஏற்பாடு’, ‘அடுத்த ஆண்டுத் திட்டம்’.

வடிவம் சரியாகிவிட்டது. ஆனாலும் மூன்றாவது உறுத்திக்கொண்டே இருந்தது. சங்கத்தின் மொத்த வரவு செலவும் ஒரு தலைப்பு, ஒரே ஒரு தொட்டியும் அதற்குச் சமமான தலைப்பா? அறிக்கையைப் புரட்டியபோது, லிஃப்ட் பழுதும் மொட்டைமாடி ஒழுகலும் ‘நிதி நிலை’ பகுதிக்குள் செலவுக் கணக்காக ஒளிந்திருந்தன. ‘பராமரிப்பு’ என்று ஒரு பெரிய தலைப்பு போட்டு, அதன்கீழே ‘தண்ணீர்த் தொட்டி’, ‘லிஃப்ட்’, ‘மொட்டைமாடி’ என்று மூன்று உள்தலைப்புகள் வைத்தோம். லிஃப்டுக்கு என்ன ஆயிற்று என்று தேடுபவருக்கு இப்போது அது கிடைக்கும். உள்தலைப்புகள் மேல்தலைப்பின் வடிவத்திலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே மட்டத்தில் உள்ளவை தங்களுக்குள் ஒத்திருந்தால் போதும்.

“எல்லாத் தலைப்பும் ஒரே மாதிரி முடிஞ்சா படிக்கறவங்களுக்குச் சலிப்பா இருக்காதா?”

திருக்குறளின் அதிகாரத் தலைப்புகளைப் பாருங்கள். 17 முதல் 20 வரை: அழுக்காறாமை, வெஃகாமை, புறங்கூறாமை, பயனில சொல்லாமை. நான்கும் ‘-ஆமை’ என்று முடிகின்றன. அடுத்தது தீவினையச்சம், அங்கே வடிவம் மாறுகிறது, ஆனாலும் பெயராகவே நிற்கிறது. இந்த வரிசையைப் படித்து யாரும் சலிப்படைந்ததாக நான் கேட்டதில்லை. முடிவு மாறாமல் நிற்பதால் கண் முன்பகுதிக்குப் போகிறது. அழுக்காறு, வெஃகல், புறங்கூறல் என்று எது மாறுகிறதோ அதுதான் மனதில் பதிகிறது.

இதிலிருந்து நமக்கு நேரடியாகப் பயன்படுவதும் ஒன்று உண்டு. செய்யக்கூடாதவற்றைப் பட்டியலிடும்போது பலர் ‘தவிர்த்தல்’, ‘தடை செய்யப்பட்டுள்ளது’, ‘கூடாது’, ‘அனுமதி இல்லை’ என்று நான்கு விதமாக எழுதுகிறார்கள். ‘பால்கனியிலிருந்து குப்பை வீசாமை’ என்று இன்று எழுதினால் செயற்கையாக இருக்கும், அது வேண்டாம். ‘வீசக் கூடாது’, ‘நிறுத்தக் கூடாது’, ‘அடைக்கக் கூடாது’ என்று ஒரே எதிர்மறையில் நிறுத்துங்கள். செய்ய வேண்டியதையும் கூடாததையும் ஒரே பட்டியலில் மாற்றி மாற்றிப் போடுவதைவிட, இரண்டு பட்டியல்களாகப் பிரிப்பது நல்லது.

“வரிகள் ஒரே நீளத்துல இருக்கணுமா? கடைசியில முற்றுப்புள்ளி?”

நீளம் ஒத்திருக்க வேண்டியதில்லை. ஒரு வரி மட்டும் நான்கு மடங்கு நீண்டால், அதற்குள் இரண்டு விஷயங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். முழு வாக்கியமென்றால் முற்றுப்புள்ளி, பெயராகவோ ‘-தல்’ ஆகவோ முடிந்தால் வேண்டாம்.

“ஒரு வரி மட்டும் எப்படி எழுதினாலும் மத்ததோட ஒட்ட மாட்டேங்குது. என்ன பண்றது?”

முதலில் அது அந்தப் பட்டியலுக்கு உரியதுதானா என்று கேளுங்கள். செயலாளர் பட்டியலில் வங்கிக் கணக்கு வரி அப்படித்தான் வெளியே போயிற்று. உரியதாக இருந்தும் ஒட்டவில்லை என்றால், அந்த வரியின் பொருளே வேறு வகைப்பட்டதாக இருக்கலாம்.

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 51A பிரிவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. குடிமக்களின் அடிப்படைக் கடமைகள் 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டன. அப்போது பத்துக் கடமைகள். ஆங்கில மூலத்தில் பத்தும் ஒரே வினைவடிவில் தொடங்குகின்றன. 2002-இல் 86-ஆவது திருத்தம் பதினொன்றாவதைச் சேர்த்தது: ஆறு முதல் பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பு அளிப்பது. அது மட்டும் மற்றவைபோல் வினையோடு தொடங்காமல், ‘பெற்றோராகவோ காப்பாளராகவோ உள்ள’ என்று ஆளைக் குறிக்கும் தொடரோடு தொடங்குகிறது. முதல் பத்தும் எல்லாக் குடிமக்களுக்கும் உரியவை. பதினொன்றாவதோ பிள்ளை வளர்ப்பவர்களுக்கு மட்டும். சீருக்காக அந்தத் தொடரை எடுத்துவிட்டால் பொருளே மாறிவிடும். அங்கே வடிவம் விலகியதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் வரியிலும் அப்படி ஒரு காரணம் இருந்தால் விலகட்டும், அதைப் பட்டியலின் கடைசியில் வையுங்கள். நடுவில் வைத்தால் அடுத்துவரும் வரிகளையும் அதே நிபந்தனையோடு படித்துவிடுவார்கள்.

“கூட்ட நடவடிக்கைக் குறிப்புல எல்லா வரியையும் ‘தீர்மானிக்கப்பட்டது’ன்னு முடிச்சுட்டேன். இப்ப சீரா இருக்கா?”

பார்வைக்குச் சீராக இருக்கிறது, ஆனால் எல்லாம் உண்மையா என்று பாருங்கள். ஒரு கூட்டத்தில் சில விஷயங்கள் முடிவாகும், சில விஷயங்கள் பேச்சோடு நிற்கும். எனக்கு வந்த ஒரு குறிப்பில், பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்துவது பற்றிப் பேச்சு மட்டுமே நடந்திருந்தது. மற்ற வரிகளோடு பொருந்தட்டும் என்று ‘விவாதிக்கப்பட்டது’ என்பதை ‘தீர்மானிக்கப்பட்டது’ என்று மாற்றிவிட்டார்கள். அடுத்த மாதம் உயர்ந்த கட்டணத்துக்கு ரசீது போனபோது பெரிய சண்டை. வரியைச் சீராக்கும்போது பொருள் நகர்ந்தால், அந்த வடிவத்தை விட்டுவிடுங்கள். ‘தீர்மானங்கள்’, ‘விவாதித்தவை’ என்று இரண்டு தலைப்புகள் போட்டுப் பிரித்தால், ஒவ்வொன்றும் தனக்குள் சீராக இருக்கும், உண்மையாகவும் இருக்கும்.

“ஏற்கெனவே பதிவான துணைவிதியில முடிவுகள் கன்னாபின்னான்னு இருக்கு. மறுஅச்சுப் போடறப்போ நானே திருத்திடலாமா?”

கூடாது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்கீழ் பதிவான சங்கம் துணைவிதியை மாற்ற வேண்டுமானால், சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றிப் பதிவாளரிடம் பதிய வேண்டும். ‘செய்யலாம்’ என்பது ‘செய்ய வேண்டும்’ ஆனால், உங்கள் கண்ணுக்கு அது நடைத்திருத்தம், சட்டத்தின் கண்ணுக்கு விதித்திருத்தம். மறுஅச்சில் பதிவான வாசகத்தையே போடுங்கள். திருத்த வரைவைத் தனியாகத் தயாரித்து வையுங்கள், அடுத்த பொதுக்குழுவில் வைக்கலாம்.

“ஆண்டறிக்கையை ஆறு பேர் எழுதறாங்க. கடைசியில எல்லாத்தையும் சேர்த்து எப்படிச் சரிபார்க்கறது?”

எழுதத் தொடங்கும் முன்பே ஒரு மாதிரிப் பக்கத்தை எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். அதில் தலைப்பு ஒன்று, மேல்வரி ஒன்று, இறந்தகாலத்தில் முடியும் மூன்று வரிகள் இருந்தால் போதும். நீளமான அறிவுரையைவிட அந்தப் பக்கத்தைத்தான் பின்பற்றுவார்கள்.

கோப்பு கைக்கு வந்ததும் முதலில் தலைப்புகளை மட்டும் பாருங்கள். வேர்டில் தலைப்புகளுக்கு Heading 1, Heading 2 பாணிகளைக் கொடுத்திருந்தால், View பட்டியில் Navigation Pane-ஐ இயக்கினால் அவை மட்டும் இடப்பக்கம் வரிசையாக நிற்கும். எழுத்தைப் பெரிதாக்கித் தலைப்புபோல் காட்டியவை அங்கே வராது, அதனால் யார் பாணியைப் பயன்படுத்தவில்லை என்பதும் அப்போதே தெரிந்துவிடும். அப்புறம் அச்செடுத்து, பட்டியல்களில் ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் பென்சிலால் அடிக்கோடிட்டு, அந்தச் சொற்களை மட்டும் மேலிருந்து கீழாக வாய்விட்டுப் படியுங்கள். ‘சீரமைத்தோம், மாற்றினோம், வாங்கினோம், பொருத்தப்பட்டன’ என்று வரும்போது நான்காவதில் நாக்கு தானாக நிற்கும். உடனே திருத்திவிடாமல், அந்தப் பகுதியை எழுதியவரை அழைத்து, பொருத்தியது யார் என்று கேளுங்கள். கட்டுநர் தன் செலவில் பொருத்திக் கொடுத்ததாக இருந்தால், ‘பொருத்தினோம்’ என்று மாற்றுவது தவறு. அந்த வரி ‘கட்டுநரிடமிருந்து பெற்றோம்’ என்று முடிய வேண்டும்.